டிபன் கடைக்கு மாவு போடுவதை நிறுத்தும்போது: எப்படிச் சொல்வது, எந்தத் தேதியில் முடிப்பது

துணிக்கடைக்குப் பை தைத்துக் கொடுப்பவர் நிறுத்தினால் கடைக்காரர் பத்து நாள் பழைய பையை வைத்து ஓட்டிவிடுவார். இட்லி மாவு அப்படி இல்லை. விடிகாலை நாலரைக்கு மாவு டிரம் வந்து இறங்காவிட்டால் ஐந்தரைக்கு இட்லிச் சட்டி ஏறாது, அன்றைய காலை வியாபாரம் போச்சு. அதனால்தான் இந்த வழிகாட்டிக்கு மாவு சப்ளையை எடுத்துக்கொண்டேன். வட சென்னையில் தெருவுக்குத் தெரு மாவு அரைக்கும் கடை இருக்கிறது. அவர்களில் பலர் வீட்டுக்கு பாக்கெட் விற்பதோடு பக்கத்து டிபன் கடைகளுக்கும் கையேந்தி பவன்களுக்கும் மொத்தமாக மாவு போடுகிறார்கள். பல வருஷம் போட்ட இடத்தில் நிறுத்துகிறேன் என்று சொல்ல வாய் வராமல், மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தாமதமாக அனுப்பி, அவரே வேறு ஆளைப் பார்க்கட்டும் என்று விடுகிறவர்களைப் பார்க்கிறேன். நாசூக்கு என்று நினைத்துச் செய்கிறார்கள். எதிரில் இருப்பவருக்கு அது ஏமாற்று.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டையில் கணவனும் மனைவியுமாக நடத்தும் மாவுக் கடை. சாய்க்கும் கிரைண்டர் இரண்டு, உதவிக்கு ஒரு ஆள். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு டிபன் கடைக்கு பதினோரு வருஷமாக மாவு போடுகிறார்கள், இப்போது தினம் 40 கிலோ. உதவியாள் ஊருக்குப் போய்விட்டார். கணவருக்கு முதுகுவலி, எடை தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு கிரைண்டரை மட்டும் ஓட்டி, கடை வாசலில் பாக்கெட் விற்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இனி கல்மண்டபத்துக்காரரிடம் சொல்ல வேண்டும்.

முதலில் உங்களுக்குள் கேட்க வேண்டிய கேள்வி

அவர் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுத்தால் தொடர்வீர்களா? பாக்கியை மொத்தமாகத் தீர்த்தால் தொடர்வீர்களா? ஆமாம் என்றால் நீங்கள் நிறுத்தப் போவதில்லை, விலை பேசப் போகிறீர்கள். அதை விலைப் பேச்சாகவே பேசுங்கள். நிறுத்திவிடுவேன் என்று மிரட்டி விலை ஏற்றினால் அந்த முறை ஏறும். ஆனால் அன்றைக்கே அவர் வேறு மாவுக்காரரைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

எது கொடுத்தாலும் தொடர மாட்டேன் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

கடைசித் தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது

பெரும்பாலும் மாவுக்காரர் தன் வசதிக்கு ஒரு தேதியைப் போடுகிறார்: மாதக் கடைசி, கிரைண்டரை விற்கும் நாள், வாடகை முடியும் நாள். தேதியை அந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். புது மாவுக்காரரைத் தேட அவருக்கு ஒரு வாரம் ஆகும். கொஞ்சம் மாவு வாங்கி ஊற்றிப் பார்க்க ஒன்றிரண்டு வாரம். புது மாவும் பழைய மாவும் சேர்ந்து ஓட இன்னும் ஒரு வாரம், பத்து நாள். ஆக மூன்றிலிருந்து நாலரை வாரம், கொஞ்சம் தாராளமாக வைத்தால் ஐந்து வாரம் வேண்டும். ஒரு வாரம் போதும் என்று நினைப்பவர்கள், டிபன் கடைக்கு எந்த மாவும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்றுதான் என்றாலும், எந்த உளுந்து, எவ்வளவு நேரம் ஊறியது, எத்தனை தண்ணீர் விட்டு ஆட்டியது என்பதில் மாவு மாறிவிடும். தினம் வந்து நாலு இட்லி சாப்பிடும் ஆள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

அதற்கு மேல் பருவமும் பார்க்க வேண்டும். ராயபுரம், காசிமேடு பக்கக் கடைகளுக்கு வியாபாரம் துறைமுகத்தோடு ஏறி இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், விடிகாலை டிபனுக்கு வரும் கூட்டம் குறையும். மாவை மாற்ற அதைவிட நல்ல சமயம் அந்தக் கடைக்குக் கிடையாது. தடை முடிந்து படகுகள் இறங்கும் வாரத்தில் மாவுக்காரரை மாற்றச் சொல்வது அநியாயம். மே மாத வெயிலில் மாவு சீக்கிரம் புளிக்குமே என்று தோன்றும். அது உண்மைதான், ஆனால் அதிலும் ஒரு லாபம் உண்டு: புது ஆளின் மாவு மே மாதத்தில் காலை ஒன்பது மணி வரை தாங்கினால் வருஷம் முழுக்கத் தாங்கும். டிசம்பரில் சோதித்துப் பார்த்தால் அது தெரியாது.

கிழமையும் முக்கியம். ஞாயிறு மீன் வாங்க வரும் கூட்டத்தால் அந்தப் பக்கக் கடைகளுக்குப் பெரிய நாள். அந்த ஞாயிறு வரை பழைய மாவு, மந்தமான திங்களிலிருந்து புது மாவு என்று வைத்தால் புதியவர் சின்னத் தவறு செய்தாலும் கடை தாங்கும். 2026 காலண்டரை வைத்துப் பார்த்தால் கடைசி டெலிவரி மே 31, ஞாயிறு. சொல்லும் நாள் ஏப்ரல் 27, திங்கள். இடையில் ஐந்து வாரம், அதற்குப் பிறகு தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு வாரம்.

காரணம்: ஒன்றே ஒன்று, உண்மையானது

மூன்று காரணம் சொன்னால் எதிரில் இருப்பவர் மூன்றையும் தீர்த்து வைக்க உட்கார்ந்துவிடுவார். நம் கணக்கில் மாவுக் கடை அக்கா போய், “அவருக்கு முதுகு வலிண்ணே, டிரம் தூக்க முடியல” என்று ஆரம்பித்தால் பதில் என்னவாக இருக்கும்? “அதுக்கின்னாமா, நம்ம பையன அனுப்புறேன், அவன் தூக்கிணு வந்துருவான்.” அவர் சொல்வது நியாயம்தான். நீங்கள் சொன்ன பிரச்சினைக்குத் தீர்வு கொடுத்துவிட்டார். இனி அதை மறுத்தால் வேறு ஏதோ மனத்தாங்கல் என்று நினைப்பார்.

அதனால் முடிவை முதலில் சொல்லுங்கள், காரணத்தை அதன் பின்னால் வையுங்கள்: “வெளி சப்ளையே நிறுத்திடுறோம்ணே. ஒரு கிரைண்டர் மட்டும் வச்சிக்கிட்டு வாசல்ல பாக்கெட் விக்கப் போறோம். அவரால இனிமே முடியல.” இதில் தீர்த்து வைக்க எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. வெளி சப்ளை எல்லாவற்றையும் நிறுத்துகிறேன் என்று சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். கல்மண்டபத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டு மின்ட் பக்கம் ஒரு மெஸ்ஸுக்கு வண்டி போனால் ஒரு வாரத்தில் செய்தி வந்து சேரும். ஒருவரை மட்டும் நிறுத்துவதாக இருந்தால் அந்த ஒருவருக்கான காரணத்தைத்தான் சொல்ல வேண்டும். தூரம் என்றால் தூரம். பணம் தாமதம் என்றால் அதையும் சொல்லலாம், குற்றம் சாட்டாமல்: “வாரக் கணக்கு மாசக் கணக்கா மாறிடுச்சுண்ணே. கொத்தவால்சாவடியில எனக்கு உளுந்து கடன் தர மாட்டாங்க. என்னால ஓட்ட முடியல.” சங்கடமான பேச்சுதான். ஆனால் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு மறுவாரம் அதே தெருவில் டிரம்மோடு மாட்டிக்கொள்வதைவிட மேல்.

நேரில் சொல்வது

பதினோரு வருஷப் பழக்கத்தை வாட்ஸ்அப்பில் முடிக்கக் கூடாது. முதலில் நேரில், பிறகு எழுத்தில். யார் இத்தனை வருஷம் அவரோடு பேசினார்களோ அவர்தான் போக வேண்டும். டெலிவரி பையன் மூலம் கசியவே கூடாது. அவன் மாஸ்டரிடம் சொல்வான், மாஸ்டர் முதலாளியிடம் சொல்வார், நீங்கள் போகும்போது அவர் முகத்தில் ஏற்கெனவே கோபம் இருக்கும். முதலாளியிடம் பேசி முடித்த பிறகு அவர் முன்னாலேயே மாஸ்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். புது மாவைப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று சொல்லப் போவது அவர்தான்.

நேரம், மதியம் மூன்று மணி வாக்கில். சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து, சாயங்கால டிபனுக்கு இன்னும் அடுப்பு மூட்டாத நேரம். கல்லாவில் ஆள் நிற்கும்போது வேண்டாம். வெள்ளிக்கிழமையும் விளக்கு வைக்கும் நேரமும் வேண்டாம். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், அவருக்கு இருக்கும்.

பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகலாம்:

“அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசணும். வெளி சப்ளைய நிறுத்தறதா முடிவு பண்ணிட்டோம். அடுத்த மாசம் 31, ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்களுக்கு எப்பவும் போல மாவு வந்துரும். அதுக்கப்புறம் எங்களால முடியாது. அவருக்கு உடம்பு தாங்கல.”

“இன்னாமா திடீர்னு இப்டி சொல்ற? நான் எதனா தப்பா பேசினேனா?”

“அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. உங்க கடைய வச்சுத்தான் நாங்க ரெண்டாவது கிரைண்டரே வாங்கினோம். அதான் உங்ககிட்ட மொதல்ல சொல்றேன், அஞ்சு வாரம் முன்னாடியே.”

தேதி முதல் நிமிஷத்திலேயே வந்துவிட்டதைப் பாருங்கள். தேதி இல்லாமல் “கொஞ்ச நாள்ல நிறுத்திடுவோம்” என்று சொன்னால் அவர் காதில் அது விழாது. நன்றியைச் சொல்லும்போதும் உண்மையான ஒரு விஷயத்தைப் பிடித்துச் சொல்லுங்கள்.

அடுத்து அவர் கேட்கப் போவது பெரும்பாலும் “ஆடி வரைக்குமாவது போடேன்” என்பது. இதற்கு வீட்டிலேயே பதில் முடிவு பண்ணிக்கொண்டு போக வேண்டும். என் யோசனை, அதிகபட்சம் ஒரு வாரம், ஜூன் 7 வரை. அதுவும் அன்றைக்கே கொடுக்க வேண்டாம். அவர் உண்மையிலேயே இரண்டு பேரின் மாவைப் பார்த்துவிட்டு இன்னும் அமையவில்லை என்று மே கடைசியில் வந்து கேட்டால் கொடுங்கள். தேடவே ஆரம்பிக்காதவருக்கு நீட்டித்தால் அந்த ஒரு வாரமும் அதே மாதிரிதான் போகும்.

பாக்கிப் பணத்தைப் பற்றி அன்று பேச வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் பணத்துக்காகத்தான் நிறுத்துகிறார்கள் என்று ஆகிவிடும். காரணமே பணம் என்றால் வேறு விஷயம்.

கடிதம்

இரண்டு நாள் கழித்து ஒரு கடிதம் கொடுங்கள். கடையின் லெட்டர்பேட் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் கையால் எழுதி ரப்பர் ஸ்டாம்ப் வைத்தால் போதும். அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பினால் பின்னால் தேதியைத் தேட முடியாது. நம் கணக்குக்கான கடிதம்:

> 29.04.2026
>
> மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு,
>
> வணக்கம். திங்கள்கிழமை நேரில் சொன்னதை எழுத்திலும் தருகிறோம்.
>
> எங்கள் வீட்டுக்காரரின் உடல்நிலையால் வெளிக் கடைகளுக்கு மாவு சப்ளை செய்வதை நிறுத்துகிறோம். உங்கள் கடைக்குக் கடைசி டெலிவரி 31.05.2026 ஞாயிறு காலை. அதுவரை தினமும் 40 கிலோ, இப்போதுள்ள விலையில், வழக்கமான நேரத்தில் வந்து சேரும்.
>
> இடையில் வேறு இடத்து மாவை வாங்கிப் பார்க்க அளவைக் குறைக்க வேண்டியிருந்தால் முந்தின நாள் காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள். இட்லி மாவு, தோசை மாவு இரண்டின் பக்குவத்தையும் மாஸ்டரிடம் நேரில் சொல்லித் தருகிறோம்.
>
> பதினோரு வருடம் எங்களை நம்பி வாங்கியதற்கு நன்றி.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து, கடை முத்திரை)

காரணம் ஒரே வரி, தேதி கிழமையோடு, அதுவரை என்ன நடக்கும் என்ற உறுதி. “தவிர்க்க முடியாத காரணங்களால்” என்று எழுதாதீர்கள். தெரிந்த மனிதருக்கு அது கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கும். மன்னிப்பும் நாலு இடத்தில் கேட்க வேண்டாம். தவறு செய்தால்தான் மன்னிப்பு, ஐந்து வாரம் முன்னால் சொல்வது தவறு இல்லை.

பத்து மணி என்று போட்டதற்குக் காரணம் உண்டு. அரிசி முற்பகலில் ஊறப் போடப்படும், பிற்பகலில் ஆட்டி, இரவு முழுக்கப் புளித்து, விடிகாலை வண்டி ஏறும். ஊறப் போட்ட பிறகு “நாளைக்குப் பத்து கிலோ கம்மியா போதும்” என்றால் அந்த நஷ்டம் உங்களுடையது.

வாங்குவது கம்பெனி கேன்டீன் மாதிரி இடம், எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது என்றால் முதலில் அதில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பாருங்கள். உங்கள் ஐந்து வாரத்தைவிட அது அதிகமாக இருந்தால் அதுதான் கணக்கு.

மாவு கைமாறும் வாரங்கள்

உங்களுக்குத் தெரிந்த ஒன்றிரண்டு மாவுக்காரர்களைச் சொல்லலாம். அவர்களிடம் முன்னதாகக் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். “நல்லா இருக்கும்” என்று ஜாமீன் நிற்காதீர்கள். “பாத்துக்கோங்க” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செவ்வாய், புதன் மாதிரி மந்தமான நாளில் ஐந்து கிலோ புது மாவு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மாவு வந்தவுடன் ஒரு தட்டு இட்லி, மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு தட்டு. முதல் தட்டு பூவாக வந்து இரண்டாவது தட்டையாக உட்கார்ந்தால் மாவு ஏற்கெனவே புளித்து முடியும் நிலையில் வந்திருக்கிறது. அந்த ஆள் இன்னும் பிந்தி ஆட்ட வேண்டும். தோசை சிவக்காமல் வெளுத்து வந்தால் புளிப்பு போதவில்லை என்று பெரும்பாலும் சொல்லலாம். புது மாவையும் உங்கள் மாவையும் ஒரே பாத்திரத்தில் கலக்கவே கூடாது. கலந்தால் எதன் குறை என்று தெரியாது, பழி இருவருக்கும் வரும்.

மே இரண்டாவது வாரம் முடிந்தும் ஒரு நாள்கூட அளவைக் குறைக்கச் சொல்லவில்லை என்றால் அவர் வேறு இடம் பார்க்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் மனம் மாறிவிடுவீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அப்போது மறுபடி நேரில் போய்த் தேதியை ஞாபகப்படுத்துங்கள். மே 24 வாக்கில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: “அண்ணே, வர ஞாயிறு கடைசி டெலிவரி.”

இந்த ஐந்து வாரமும் மாவின் தரம் இறங்கக் கூடாது. எப்படியும் நிறுத்தப் போகிறோம் என்று உளுந்தைக் குறைத்தால், “கடைசியில இப்டி பண்ணிட்டாங்க” என்ற பேச்சு உங்கள் வாசல் பாக்கெட் வியாபாரத்தைத்தான் அடிக்கும்.

கணக்கு

நோட்டைத் தனி நாளில் எடுத்துப் போங்கள், கடிதம் கொடுத்த அன்றைக்கே என்றாலும் பரவாயில்லை. கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் தினம் 1,600, வாரம் 11,200. இரண்டு வாரப் பாக்கி நிற்கிறது, 22,400. இதைக் கடைசி நாளில் மொத்தமாகக் கேட்டால் வராது. மாவு நின்ற பிறகு பணம் கேட்கப் போகிறவருக்கு மரியாதை குறைவு என்பது எல்லா வியாபாரத்திலும் உள்ளது. அதனால் மே 2, 9, 16, 23 ஆகிய நாலு சனிக்கிழமையும் அந்தந்த வாரப் பணத்தோடு பழைய பாக்கியில் 5,600 சேர்த்து வாங்குங்கள். 23ஆம் தேதி பழைய கணக்கு தீர்ந்துவிடும். 24 முதல் கடைசி எட்டு நாளும் தினப் பணம். புது மாவு வாங்க ஆரம்பித்ததும் உங்கள் அளவு குறையும் என்பதால் அவருக்கும் இது பெரிய பாரம் இல்லை.

நோட்டில் மொத்தப் பாக்கியை எழுதி, தேதி போட்டு, அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். “ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கா இருக்கட்டும்ணே” என்று சொன்னால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அதற்குச் சட்டப் பலனும் இருக்கிறது. கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட 1963ஆம் வருஷத்து கால வரம்புச் சட்டப்படி மூன்று வருஷம். அந்தக் கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் எழுத்தில் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாக ஓடும். டிபன் கடைக்காரர் மேல் யாரும் வழக்குக்குப் போகப் போவதில்லை. கையெழுத்து இருந்தால் வாய்த் தகராறே வராது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

கிரைண்டர் வாங்கும்போது அவர் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் பாக்கியில் கழித்து எழுதுங்கள். அதை அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். மூடி போட்ட டிரம்கள் யாருடையவை, எத்தனை என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். கடைசி வாரத்தில் தினமும் முந்தின நாள் டிரம்மை வாங்கிக்கொண்டு புது டிரம்மை இறக்கினால் 31ஆம் தேதிக்குப் பிறகு அந்தக் கடையில் உங்களுடையது ஒன்றுதான் இருக்கும். அதை மறுநாள் மதியம் நீங்களே போய் எடுத்து வாருங்கள்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் புது மாவு கெட்டுப்போய், விடிகாலையில் அந்தக் கடைப் பையன் உங்கள் வாசலில் வந்து நிற்பான். இருக்கிற பாக்கெட்டைக் கொடுங்கள், வாசல் விலைக்கு, கைமேல் காசு வாங்கிக்கொண்டு. பழைய நோட்டில் மட்டும் எழுதாதீர்கள்.